சொல்லிக்கொண்டே கட்டு மாற்றுவது

நர்சிங் படிப்பில் ஸ்டெரைல் ட்ரெஸ்ஸிங் பாடம் நடத்தும் எல்லாருமே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். கிருமி நீக்கிய பொருட்களை விரித்து வைத்த பிறகு அதற்கு மேல் குனிந்து பேசாதே. இருமல் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள். சிரிக்காதே. அதே பாடத்துக்குச் செய்முறைத் தேர்வு வரும். வேறு கல்லூரியிலிருந்து வந்திருக்கும் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ட்ராலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சொல்லும் முதல் வாக்கியம், "ஒவ்வொரு ஸ்டெப்பையும் சொல்லிக்கிட்டே செய்யுங்க." வாயை மூடினால் மதிப்பெண் போகும். திறந்தால் காயத்துக்கு ஆகாது. இரண்டாம் ஆண்டில் இந்த முரண்பாட்டோடு சுமார் இரண்டு மாதம் குடும்பம் நடத்தினேன்.

பேசக் கூடாது என்பது வெறும் ஒழுங்குக்கான விதி அல்ல. 1890களில் ப்ரெஸ்லாவ் நகரத்தில் (இன்று அது போலந்தில் வ்ரோட்ஸ்வாஃப்) கார்ல் ஃப்ளூகெ என்ற ஆய்வாளர், சாதாரணமாகப் பேசும்போதே வாயிலிருந்து கண்ணுக்குத் தெரியாத எச்சில் துளிகள் கிருமிகளோடு வெளியே பறக்கின்றன என்று காட்டினார். அதே ஊரில் அறுவை மருத்துவராக இருந்த யோஹான் மிகுலிச் அதற்குப் பிறகுதான், 1897இல், வாயில் துணி கட்டிக்கொண்டு ஆபரேஷன் செய்யத் தொடங்கினார். இன்று நாம் போடும் மாஸ்க்கின் கதை அங்கிருந்து வருகிறது. அது துளிகளைக் குறைக்கும், அறவே நிறுத்திவிடாது. பேசப் பேச மாஸ்க் ஈரமாகும். ஈரமான மாஸ்க் ஒழுங்காக வேலை செய்யாது. "சத்தமாச் சொல்லுங்க, கேட்கல" என்று எக்ஸாமினர் சொன்னால் நிலைமை இன்னும் மோசம்.

தமிழ் வழியில் பன்னிரண்டாவது வரை படித்து வந்தவர்களுக்கு இதில் இன்னொரு சுமையும் இருக்கிறது. தேர்வு ஆங்கிலத்தில். கை வேலையை எப்படியோ ஒரு மாதத்தில் பழகிவிடலாம். கை ஒன்றைச் செய்துகொண்டிருக்க, வாய் அதையே வேறொரு மொழியில் சொல்வது தனிப் பயிற்சி. எங்கள் பேட்ச்சில் பாதிப் பேர் அந்தப் பயத்தில் மொத்த ப்ரொசீஜரையும் எழுதி மனப்பாடம் செய்தார்கள். மனப்பாடம் செய்தால் ஒரு விஷயம் நடக்கும். வாய் முன்னால் ஓடிவிடும். "ஐ ஆம் க்ளீனிங் தி ஊண்ட்" என்று வாய் சொல்லும்போது கை அப்போதுதான் பாட்டில் மூடியைத் திறந்துகொண்டிருக்கும். அப்புறம் கை வாயைத் துரத்தும். துரத்துகிற கைதான் ஒரு பஞ்சை இரண்டு முறை தேய்க்கும்.

விடுதியில் என் அறைத்தோழியும் நானும் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். தலையணைதான் நோயாளி. சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் துணியில் ஒரு காயம். ஒருத்தி சொல்ல வேண்டும், மற்றவள் செய்ய வேண்டும். சொல்கிறவள் கையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். செய்கிறவள் சொன்னதை மட்டும், சொன்னபடியே செய்ய வேண்டும், சொந்தப் புத்தியைக் கொஞ்சமும் பயன்படுத்தக் கூடாது. முதல் நாள் நான் "காஸ் எடு" என்றேன். அவள் வெறுங்கையால் எடுத்தாள். "ஃபோர்செப்ஸால எடு" என்று அவள் முறைக்குச் சொன்னபோது நான் காயத்தைத் தொட்ட ஃபோர்செப்ஸாலேயே ட்ரேயிலிருந்து எடுத்தேன். சண்டை போட்டோம், சிரித்தோம். ஆனால் பத்து நாளில் எங்கள் வாக்கியங்கள் மாறிவிட்டன. எதை, எதால், எந்தப் பக்கத்திலிருந்து என்ற மூன்றும் இல்லாமல் எந்த வாக்கியமும் வெளியே வரவில்லை.

நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டோம். ஏன்? "ஃபோர்செப்ஸோட நுனியைக் கீழ பாத்துப் பிடி" என்றால் ஏன்? சலைனில் நனைந்த பஞ்சைப் பிடித்திருக்கும் ஃபோர்செப்ஸின் நுனியை மேலே தூக்கினால் தண்ணீர் கைப்பிடிக்கு ஓடும். வெறுங்கையால் பிடித்திருக்கும் கைப்பிடி ஸ்டெரைல் அல்ல. மறுபடி நுனியைத் தாழ்த்தினால் அதே தண்ணீர் கைப்பிடியிலிருந்து பஞ்சுக்கு வரும், பஞ்சிலிருந்து காயத்துக்கு. இந்தக் காரணத்தை ஒருமுறை வாயால் சொன்னவளுக்கு நுனி தானாகவே கீழே இருக்கும். ஏனென்று சொல்ல வராத படிகளைச் சுவரில் ஒட்டிய தாளில் எழுதினோம். ஆரம்பத்தில் தாள் நிறைந்திருந்தது. சலைனை ட்ரேயில் இருக்கும் கிண்ணத்தில் ஊற்றும் முன் ஏன் கொஞ்சம் கிட்னி ட்ரேயில் கொட்ட வேண்டும்? பாட்டிலின் வாய் விளிம்பைக் கழுவுவதற்கு. ஊற்றும்போது துணியில் ஏன் சிந்தக் கூடாது? ஈரமான துணி, கீழே இருக்கும் ட்ராலியின் அழுக்கை மேலே இழுத்துக்கொள்ளும். விரித்த துணியின் ஓரத்தில் ஒரு அங்குலத்தை ஏன் ஸ்டெரைல் இல்லை என்று கணக்கில் வைக்கிறோம்? ஓரம் சும்மா கிடக்கும் ட்ராலியைத் தொடுகிறது.

பேசலாமா கூடாதா என்ற பழைய சிக்கலுக்கும் விடை இந்தப் பயிற்சியில்தான் கிடைத்தது. சுவரைப் பார்த்துச் சொல்லும்போது ஒரு விஷயம் தெரிந்தது. கட்டு மாற்றும் வேலை முழுக்க ஒரே மாதிரி வேலை அல்ல. பழைய கட்டைப் பிரிக்கும் வரை எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். நோயாளி யார், டாக்டர் எழுதிய ஆர்டர் என்ன, வலி இருக்கிறதா, ஸ்க்ரீன் போட்டாயிற்றா, ஃபேனை நிறுத்தியாயிற்றா, பிளாஸ்டர் வெட்டி வைத்தாயிற்றா, எல்லாமே இந்த நேரத்துப் பேச்சு. பழைய கட்டை எடுத்ததும் ஒரு அடி பின்னால் வந்து, முகத்தை எக்ஸாமினர் பக்கம் திருப்பிக் காயத்தைப் பற்றி நாலு வாக்கியம். பிறகு க்ளவுஸைக் கழற்றிக் கை கழுவ வேண்டும். அதைச் சொல்லிக்கொண்டே செய்யலாம். பேக்கைப் பிரித்த நிமிடத்திலிருந்து புதிய காஸ் காயத்தை மூடும் நிமிடம் வரை பேசக் கூடாது. ஐந்தாறு நிமிடம்தான். மூடிய பிறகு மறுபடி பேச்சு. அந்த மௌனத்தை எக்ஸாமினர் 'இவளுக்குத் தெரியவில்லை' என்று எடுத்துக்கொள்வாரோ என்ற பயம்தான் பாக்கி. அதற்கும் ஒரு வாக்கியம் போதும். பேக்கைத் தொடும் முன்பே அவரிடம் சொல்லிவிடுவது: இப்போது காயத்தைச் சுத்தம் செய்யப் போகிறேன், மேலிருந்து கீழாக, ஒரு பஞ்சுக்கு ஒரு இழுப்பு. அதற்கு மேல் பேச மாட்டேன், மூடிய பிறகு விளக்குகிறேன். எங்கள் டியூட்டரிடம் இதைச் சொல்லிக் காட்டியபோது அவர் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார். அவரிடமிருந்து அதுவே பெரிய விஷயம்.

தலையணையை விட்டு வார்டுக்குப் போனதும்தான் தெரிந்தது, நாங்கள் கணக்கில் சேர்க்காத ஒரு ஆள் இருக்கிறார். தலையணைக்குக் காது கிடையாது.

பெண்கள் சர்ஜிகல் வார்டில் ஓர் ஆச்சி இருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். சர்க்கரை நோய். வலது கால் கட்டைவிரல் கறுத்து, எடுத்துவிட்டார்கள். அந்த மாதிரிக் காயத்தைத் தைத்து மூடாமல், அடியிலிருந்து சதை வளர்ந்து தானாக மூடட்டும் என்று திறந்தே வைப்பதுண்டு. தினமும் காலையில் கட்டு மாற்ற வேண்டும். நான் போனபோது ஒன்பதாம் நாள். காயம் நாலு சென்டிமீட்டர் நீளம், மூன்று அகலம். நடுவில் சிவப்பாக, பொடிப்பொடியாக, மாதுளம் விதை மாதிரி புதுச் சதை. உள்ளங்கால் பக்க ஓரத்தில் மட்டும் மஞ்சளாக, பிசுபிசுப்பான ஒரு படலம்.

நான் வாய்க்குள் ஆங்கிலத்தில் முணுமுணுத்துக்கொண்டே ட்ராலியை அடுக்குவதை ஆச்சி கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யார்கூட பிள்ள பேசுத?"

"பரீட்சை இருக்கு ஆச்சி. சொல்லிக்கிட்டே செய்யணும், அதான் பழகுறேன்."

"அப்ப எனக்கும் விளங்குத மாதிரி சொல்லு. என் காலுதான?"

அன்றிலிருந்து ஒரு படிக்கு இரண்டு வாக்கியம் ஆனது. முதலில் ஆச்சிக்குத் தமிழில், பிறகு பரீட்சைக்கு ஆங்கிலத்தில். நான் எதிர்பார்க்காத ஒரு லாபம் இதில் இருந்தது. தமிழில் ஆச்சிக்குப் புரியும்படி சொல்ல வராத படி எதுவோ, அது எனக்கே புரியவில்லை என்று அர்த்தம். 'மெயின்டெய்ன் அசெப்டிக் டெக்னிக்' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடலாம். ஆச்சியிடம் அப்படித் தாண்ட முடியாது. "இந்தத் துணியில இருக்கிறதை நான் கையால தொடக் கூடாது ஆச்சி, நீங்களும் கையை நீட்டக் கூடாது" என்று சொல்ல வேண்டியிருந்தது. நீங்களும் கையை நீட்டக் கூடாது என்ற பாதி என் மனப்பாடத்தில் அதுவரை இல்லவே இல்லை.

ஒன்பது நாள் தினமும் பார்த்துப் பார்த்து ஆச்சிக்குப் ப்ரொசீஜர் முழுக்க அத்துப்படி. நான் க்ளவுஸ் போடப் போகும்போது, "பிளாஸ்டர் வெட்டி வச்சிட்டியா? நேத்து ஒருத்தி கையில உறைய மாட்டிட்டுக் கத்திரிக்கோலைத் தேடுதா" என்றார். நாலு துண்டு வெட்டி ட்ராலி ஓரத்தில் தொங்கவிட்டிருந்ததைக் காட்டினேன். திருப்தியாகச் சாய்ந்துகொண்டார். பழைய காஸ் காய்ந்து சதையோடு ஒட்டியிருந்த நாளில், நான் சொல்வதற்கு முன்பே அவரே சொன்னார், "உப்புத்தண்ணி விட்டு ஊற வச்சி எடு." அப்படி ஊறவைக்காமல் இழுத்தால் பொடிப்பொடியாக வளர்ந்திருக்கும் புதுச் சதை காஸோடு பிய்ந்து வரும், ரத்தம் கசியும், ஒரு வார வளர்ச்சி ஒரு இழுப்பில் போகும். ஆச்சிக்கு இந்தக் காரணம் தெரியாது. ரத்தம் வந்த நாளையும் வராத நாளையும் பார்த்து வைத்திருந்தார்.

வலியைப் பற்றிய கேள்வியும் அந்தக் கட்டிலில்தான் எனக்கு ஒழுங்காகப் புரிந்தது. ட்ரெஸ்ஸிங்குக்கு முன் வலி இருக்கிறதா என்று கேட்க வேண்டும், இருந்தால் மாத்திரை கொடுத்து அது வேலை செய்ய அரை மணி நேரம் விட்டு ஆரம்பிக்க வேண்டும். எல்லாரும் இதை ஒப்பிப்போம். ஆச்சியிடம் கேட்டால், "வலியே இல்ல பிள்ள, நீ பாட்டுக்குச் செய்." நோயாளிக்கு வலி இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த படிக்குப் போக வாய் துடிக்கும். ஆனால் விரலே போன காலில் வலி இல்லை என்பது நல்ல செய்தி அல்ல. சர்க்கரை நோய் நரம்பை மரக்கவைத்திருக்கிறது. அதனால்தான் முதலில் செருப்பு கடித்தது தெரியவில்லை, புண் வந்தது தெரியவில்லை, கறுத்த பிறகுதான் கண் பார்த்தது. எனவே ஆச்சியின் விஷயத்தில் 'வலி இல்லை' என்பதற்குப் பிறகு நிறுத்தாமல், உணர்ச்சி குறைவாக இருக்கிறது, அதனால் வலியை நம்பாமல் நிறம், சூடு, வீக்கம், வாடை, கசிவு ஆகியவற்றைக் கண்ணாலும் கையாலும் மூக்காலும் பார்க்கிறேன் என்று சொல்ல வேண்டும். நேற்றைவிடக் கட்டு அதிகமாக நனைந்திருக்கிறதா? சுற்றியிருக்கும் சிவப்பு ஓரத்தைத் தாண்டிப் பரவுகிறதா? கெட்ட வாடை புதிதாக வந்திருக்கிறதா? சதை வளர்ந்துகொண்டிருந்த காயம் கெட்டுப்போகத் தொடங்கியிருப்பதை ஆச்சி சொல்ல மாட்டார். கட்டுதான் சொல்லும்.

ஒரு நாள் டியூட்டர் எங்களைச் சோதிக்க வந்தார். தேர்வு மாதிரியே நடத்தினார். பழைய கட்டை எடுத்து, ஒரு அடி பின்னால் வந்து, காயத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் காயத்தை எட்டிப் பார்த்தபடி கேட்டார், "எனி கேங்க்ரீன்?" நான், "நோ மேடம்." அவ்வளவுதான், முப்பது விநாடி. கட்டி முடித்து ட்ராலியைத் தள்ளும்போது ஆச்சி என் கையைப் பிடித்தார். பிடி இறுக்கமாக இருந்தது.

"கேங்க்ரீன்னு சொன்னாளே. இன்னும் வெட்டணுமா?"

ஆச்சியின் வீட்டுக்காரருக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே மருத்துவச் சொல் அதுதான். 'நோ' என்பது காதில் விழவில்லை. மொழி தெரியாதவர் காதில் தெரிந்த சொல் மட்டும்தான் விழும். இல்லை ஆச்சி, இருக்கான்னு கேட்டாங்க, இல்லைன்னு சொன்னேன் என்று விளக்கினேன். காலை அவர் பக்கம் திருப்பி, கட்டுக்கு வெளியே தெரிந்த மற்ற நாலு விரலையும் காட்டினேன், நிறம் சாதாரணமாக இருந்தது. சரி என்றார். ஆனால் அன்று மதியம் சாப்பாட்டைத் தொடவில்லை என்று பக்கத்துக் கட்டில் அம்மா சொன்னார்.

சத்தமாகச் சொல்லும் தேர்வில் இந்த இடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எக்ஸாமினருக்குச் சொல்கிறோம் என்று நினைக்கிறோம். அந்தச் சொற்கள் முதலில் கடந்து போவது படுத்திருப்பவரின் காதை. அதற்குப் பிறகு நானும் அறைத்தோழியும் உட்கார்ந்து காயத்தை விவரிக்கும் சொற்களை மாற்றினோம். அளவு, நிறம், ஈரம், வாடை, ஓரம். இவற்றைக் கட்டிலருகே எந்த மொழியிலும் சொல்லலாம், கேட்பவருக்குப் பயம் வராது. நெக்ரோசிஸ், கேங்க்ரீன், ஆம்ப்யுடேஷன், செப்சிஸ் போன்ற நோயின் பெயர்களும் அவை 'இல்லை' என்ற செய்தியும் ஸ்க்ரீனுக்கு வெளியே, ட்ராலியை ஒதுக்கிய பிறகு. எக்ஸாமினர் கட்டிலருகிலேயே கேட்டுவிட்டால்? பதிலைச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே நோயாளியிடம் திரும்பி அதையே தமிழில் சொல்வது. "புண்ணு நல்லா இருக்கான்னு கேக்குறாங்க, சதை நல்லா வளருதுன்னு சொன்னேன்." இதற்கு மூன்று விநாடி ஆகும். மதிப்பெண் பட்டியலில் இதற்கென்று தனிக் கட்டம் இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை.

தேர்வன்று சீட்டுக் குலுக்கியதில் எனக்கு ஆண்கள் வார்டு வந்தது. குடலிறக்க ஆபரேஷன் ஆன ஒரு அண்ணன். நாற்பது வயது, லாரி ஓட்டுகிறவர், மூன்றாம் நாள். தைத்த காயம், ஆச்சியுடையதோடு ஒப்பிட்டால் மிகச் சுலபம். கோடு மாதிரி ஒரு தையல். முதல் பஞ்சு கோட்டின் மேலேயே மேலிருந்து கீழாக, இரண்டாவது அந்தப் பக்கம், மூன்றாவது இந்தப் பக்கம், ஒவ்வொன்றும் கோட்டை விட்டு விலகி வெளியே. சுத்தமான இடத்திலிருந்து சுத்தம் குறைந்த இடத்துக்கு. சுற்றியிருக்கும் தோலைவிடத் தையல்தான் சுத்தமான இடம் என்பது கேட்பவர்களுக்கு எப்போதும் ஆச்சரியமாக இருக்கும்.

ஃபேனை நிறுத்தினேன். மே மாத வெயில், பக்கத்துக் கட்டில்காரர் முனகினார். பேக்கில் ஒட்டியிருந்த டேப்பில் கறுப்புக் கோடுகள் வந்திருக்கின்றன, தேதி சரி, பேக் நனையவில்லை என்று காட்டிச் சொன்னேன். அண்ணனிடம் என்ன செய்யப் போகிறேன் என்று சொன்னேன், கையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். பழைய கட்டை எடுத்தேன், காயத்தை விவரித்தேன், கை கழுவினேன், மௌனத்தை அறிவித்தேன். பேக்கைப் பிரித்து, சலைன் ஊற்றி, ஸ்டெரைல் க்ளவுஸ் போட்டு, காயத்துக்குப் பக்கத்தில் ஸ்டெரைல் துணியை விரித்து, முதல் பஞ்சை எடுத்தேன். அப்போது அண்ணன், "இங்கதான் சிஸ்டர் இழுக்குது" என்று கையை நீட்டினார். விரல் துணியின் நடுவில், காய்ந்த காஸ் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் பட்டது. பட்டும் படாமலும்தான். உடனே எடுத்துவிட்டார்.

எக்ஸ்டர்னல் அப்போது குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். இன்டர்னல் அடுத்த மாணவியைக் கூப்பிட வார்டு வாசலுக்குப் போயிருந்தார். யாரும் பார்க்கவில்லை.

அடுத்து நடந்ததை நேர்மை என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் யோசிக்க நேரமே இருக்கவில்லை. இரண்டு மாதமாகக் கை செய்வதையும் கண் பார்ப்பதையும் வாய் சொல்லிப் பழகிவிட்டது. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினேன், வாய் சொல்லிவிட்டது. "மேடம், பேஷன்ட் ஸ்டெரைல் ஃபீல்டைத் தொட்டுட்டார். இது கன்டாமினேட்டட். வேற பேக் வேணும்." சொன்ன பிறகுதான் வயிறு கலங்கியது. மனதுக்குள் செய்திருந்தால், அந்த விரலுக்கும் வார்த்தைக்கும் நடுவில் ஒரு விநாடி இருந்திருக்கும். 'ஓரத்தில்தானே பட்டது' என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அந்த ஒரு விநாடி போதும். வாய்விட்டுச் செய்பவருக்கு அந்த விநாடி கிடைப்பதில்லை.

வேறு பேக் என்பது சாதாரண விஷயம் அல்ல. அந்த வார்டுக்குக் காலையில் ஆட்டோக்ளேவிலிருந்து எண்ணித்தான் வரும். ஸ்டாஃப் நர்ஸ் அக்கா அலமாரியைத் திறந்து ஒன்றை எடுத்துத் தரும்போது முகத்தைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார். இன்று பன்னிரண்டு ட்ரெஸ்ஸிங் இருக்கிறது, பதினொரு பேக்தான் மிச்சம் என்ற பார்வை. க்ளவுஸைக் கழற்றினேன், கை கழுவினேன், மறுபடி முதலிலிருந்து. ஆறேழு நிமிடம் கூடுதலாக ஆனது. அண்ணன் திரும்பத் திரும்ப, "என்னாலதான், என்னாலதான்" என்றார். உங்க மேல தப்பில்லண்ணே, இது நடக்கிறதுதான் என்று சொன்னேன், அவருக்குப் புரிகிற மொழியில், எக்ஸாமினர் காதிலும் விழும்படி. இரண்டாவது முறை அவரே இரு கையையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டார்.

எக்ஸ்டர்னல் கடைசியில் மூன்று கேள்வி கேட்டார். அழுக்குக் காஸ் எந்தப் பையில்? மஞ்சள். க்ளவுஸ்? சிவப்பு. மூன்றாவது, "ஏன் மொத்த பேக்கையும் மாத்தினீங்க, அந்தக் காஸை மட்டும் எடுத்துப் போட்டிருக்கலாமே?" தொட்ட விரல் துணியில் எங்கெல்லாம் பட்டது என்று எனக்கு உறுதியாகத் தெரியாது, சந்தேகம் இருந்தால் ஸ்டெரைல் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றேன். தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று தெரியாது. தேறினேன், அது பெரிய மதிப்பெண் அல்ல.

தேர்வு முடிந்த வாரத்தில் ஆச்சியை வீட்டுக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். காயம் மூன்றுக்கு இரண்டு சென்டிமீட்டராகச் சுருங்கியிருந்தது, மஞ்சள் படலம் போய்விட்டது. ஆனால் மூட இன்னும் பல வாரம் ஆகும். வாரம் ஒருமுறை ஓபிக்கு வர வேண்டும், மற்ற நாளில் வீட்டில் கட்டு மாற்ற வேண்டும். மகள் பீடி சுற்றுகிறவர், பக்கத்துக் கிராமம். அவருக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லி ஸ்டாஃப் நர்ஸ் அக்கா என்னிடம் விட்டார். வீட்டில் ஆட்டோக்ளேவ் பேக் கிடையாது. கடையில் கிடைக்கும் உறையிட்ட ஸ்டெரைல் காஸ், சலைன் பாட்டில், சோப்பு, சுத்தமான ஒரு ஸ்டூல். அவ்வளவுதான்.

மூன்று நாள் நான் செய்து காட்டினேன், அவர் பார்த்தார். நாலாம் நாள் அவர் செய்தார், நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "சொல்லிக்கிட்டே செய்யுங்கக்கா" என்றேன். வெட்கப்பட்டார். "என்னத்தச் சொல்ல?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் ஆச்சி கட்டிலிலிருந்து, "எதை எடுக்க, எதால எடுக்க, ஏன் எடுக்க, அதச் சொல்லுட்டி. பரீட்சை மாதிரி" என்றார்.

மகள் சொல்ல ஆரம்பித்தார். சோப்புப் போட்டுக் கை கழுவுதேன். விரல் இடுக்குல தேய்க்கேன். ஃபேனை நிறுத்துதேன். பழைய துணிய உப்புத்தண்ணி விட்டு ஊற வைக்கேன், இல்லன்னா சதை பிஞ்சிரும். பிரிச்ச பெறகு பேச மாட்டேன். சொன்னபடியே நிறுத்தினார். வார்டு ஃபேன் நின்றதால் அடுத்த கட்டில் குழந்தை அழ ஆரம்பித்தது, அவர் திரும்பிப் பார்க்கவில்லை. காஸை உறையிலிருந்து ஓரத்தைப் பிடித்து எடுத்து, நடுப்பகுதியில் விரல் படாமல் காயத்தின் மேல் வைத்தார். பிளாஸ்டரை ஒட்டிய பிறகு மூச்சை விட்டார்.

"மிச்ச சலைன் நாளைக்கு ஆகுமா?"

திறந்தால் ஒரு நாள்தான், 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், அதற்கு மேல் மிச்சமிருந்தால் கொட்டிவிடுங்கள், சின்ன பாட்டிலாக வாங்குங்கள் என்றேன். என் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினார். பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த தாளில் அன்றைய தேதியையும், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியையும் எழுதினார். எழுதும்போது வாய் அதையும் சொல்லிக்கொண்டிருந்தது.